பள்ளி நினைவுகள் பதிவு: தாத்தா, ஆச்சி, சின்ன ஆச்சி ஆகியோரிடம் கேட்க வேண்டியவை

கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமங்களின் பள்ளி நினைவுகளை எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டம் தொகுத்து வருகிறது. அதற்காகப் பொங்கல் விடுமுறையில் வீட்டுப் பெரியவர்கள் மூவரைச் சந்திப்பதற்கான குறிப்பு இது. தாத்தா 1945-இலும், ஆச்சி 1950-இலும், தாத்தாவின் கடைசித் தங்கையான சின்ன ஆச்சி 1962-இலும் பிறந்தவர்கள் என்பது வீட்டார் சொல்லும் கணக்கு. பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியை வைத்து எதையும் கணக்கிடக் கூடாது. கையைத் தலைக்கு மேலே வளைத்து மறுபக்கக் காதைத் தொட்டுவிட்டால் ஐந்து வயது நிறைந்தது என்று கொண்டு, தலைமையாசிரியரே ஒரு தேதியை எழுதிச் சேர்த்துக்கொள்வது அந்நாளைய வழக்கம். மூவரிடமும் முதல் கேள்வி இதுவே: உங்களைப் பள்ளியில் சேர்க்க அழைத்துச் சென்றவர் யார், காதைத் தொடச் சொன்னார்களா?

"அந்தக் காலப் படிப்பு எப்படி இருந்தது?" என்று கேட்பதில்லை. அப்படிக் கேட்டால் "இப்போதுள்ள பிள்ளைகளுக்கு என்ன தெரியும்?" என்பதுதான் பதிலாக வரும், தாத்தா அதை ஏற்கெனவே பலமுறை சொல்லிவிட்டார். பொருளையும் இடத்தையும் பற்றிக் கேட்டால்தான் பேச்சு நகரும்.

தாத்தாவிடம்: முதல் எழுத்தை மணலில் எழுதினீர்களா, சிலேட்டிலா? சிலேட்டை எதைக் கொண்டு துடைத்தீர்கள்? மாலையில் வாய்பாட்டை முன்னால் நின்று சொன்னவர் யார்? சட்டாம்பிள்ளைக்கு அடிக்கும் உரிமை இருந்ததா? ரூபாய், அணா, பைசாவில் போட்ட கணக்கு ஒன்றைச் சொல்ல முடியுமா? 1957-இல் நயா பைசா வந்தபோது கடையிலும் வகுப்பிலும் என்ன குழப்பம் ஏற்பட்டது? உங்களுக்கு எட்டு வயதாக இருந்தபோது பள்ளி ஒரு வேளை மட்டும் நடந்த நினைவு உண்டா, மற்ற வேளையில் எங்கே இருந்தீர்கள்? இந்தக் கடைசிக் கேள்வி, 1953-இல் இராஜாஜி அரசு கொண்டுவந்து அடுத்த ஆண்டே கைவிடப்பட்ட திட்டத்தைப் பற்றியது. "குலக்கல்வி" என்ற சொல்லை நானாக எடுத்துக் கொடுத்தால், அவர் பின்னாளில் மேடைகளில் கேட்டதையே திருப்பிச் சொல்லக்கூடும் என்பதால், அவர் வாயிலிருந்து வந்தால் மட்டுமே அதைத் தொடர வேண்டும்.

ஆச்சியிடம் தனியே பேச வேண்டும். தாத்தா பக்கத்தில் இருந்தால் ஆச்சிக்கான கேள்விக்கும் அவரே பதில் சொல்லிவிடுவார். ஆகவே தாத்தா தேநீர்க் கடைக்குப் போகும் வேளையே சரி. ஆச்சி பள்ளியில் சேர்ந்த காலமும் 1956-இல் காமராஜர் அரசு மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிய காலமும் ஏறத்தாழ ஒன்றே. பள்ளியில் சாப்பாடு போட்டார்களா, அரிசியும் காய்கறியும் எங்கிருந்து வந்தன, யார் சமைத்தார்கள், தட்டை வீட்டிலிருந்து கொண்டு போனீர்களா, எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தீர்களா? தண்ணீர்ப் பானையிலிருந்து யார் மொண்டு ஊற்றினார்கள், யார் கையேந்திக் குடித்தார்கள் என்பதையும் கேட்க வேண்டும். சாதியை நேராகக் கேட்டால் "அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை" என்று பேச்சு முடிந்துவிடும். பானை இருந்த இடத்தைக் கேட்டால் அவ்வாறு முடியாது.

ஐந்தாம் வகுப்போடு ஆச்சியின் படிப்பு நின்றது. "ஏன் நிறுத்தினீர்கள்?" என்று கேட்டால் குற்றம் சாட்டுவது போலாகும் என்பதுடன், நிறுத்தியது அவராகவும் இருக்க முடியாது. ஆகவே, பள்ளிக்குப் போகாத முதல் நாளில் வீட்டில் என்ன வேலை செய்தீர்கள், உங்கள் சிலேட்டு பிறகு யாரிடம் போனது, உடன் படித்த பெண்களில் ஆறாம் வகுப்புக்குப் போனவர் யார் என்று கேட்கலாம். அவர் பேசாமல் இருந்தால் அடுத்த கேள்விக்குத் தாவாமல் காத்திருக்க வேண்டும்.

சின்ன ஆச்சியிடம் கேட்பதற்குக் குறைவாகவே உள்ளது, ஏனெனில் அவர் கேட்காமலே பேசுவார். தீப்பெட்டி ஒட்டிக்கொண்டே படித்தாரா, 144 பெட்டிகள் கொண்ட ஒரு குரோசுக்கு என்ன கூலி, அதில் நோட்டு வாங்கினாரா என்பவை முக்கியம். பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. முறை போய் 1978-இல் மேல்நிலை வகுப்பு வந்தபோது, பத்தாவதுக்குப் பிறகு பக்கத்தில் பள்ளி இருந்ததா, பேருந்தில் போக வீட்டில் விட்டார்களா என்பதையும் கேட்க வேண்டும்.

குழுப் படம், மதிப்பெண் பட்டியல், பழைய சான்றிதழ் ஆகியவற்றை முன்பே எடுத்து வைக்கச் சொல்லிவிட்டேன். படத்தில் இருப்பவர்களின் பெயர்களை அவர்கள் சொல்லும்போதே வரிசைப்படி எழுதிக்கொள்ள வேண்டும். ஆண்டு நினைவில்லை என்றால் வற்புறுத்தாமல், ஊருக்கு மின்விளக்கு வந்ததற்கு முன்னா பின்னா, இந்தி எதிர்ப்புப் போராட்டத்துக்கு முன்னா பின்னா என்று கேட்டால் போதும். ஒரே நிகழ்ச்சியை மூவரும் வேறு வேறாகச் சொன்னால் மூன்றையும் அப்படியே பதிய வேண்டும். கைப்பேசியில் பதிவு செய்வதற்கு முன் அனுமதி பெற வேண்டும். எழுத்தாக்கியதை ஒவ்வொருவருக்கும் படித்துக் காட்டி, அவர்கள் நீக்கச் சொல்வதை நீக்கிய பிறகே நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும்.