தலைமை ஆசிரியைக்கு விடுப்பு விண்ணப்பம்

அனுப்புநர்:
சு. அம்பிகா,
(சு. அபிநயா, 9ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவியின் தாயார்)
செருப்பாலூர், குலசேகரம் அஞ்சல்,
திருவட்டாறு வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
தலைமை ஆசிரியை அவர்கள்,
அரசு மேல்நிலைப்பள்ளி,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்.

நாள்: 26.11.2025

பொருள்: சின்னம்மை நோயின் காரணமாக என் மகள் சு. அபிநயாவுக்கு 25.11.2025 முதல் 05.12.2025 வரை மருத்துவ விடுப்பு வேண்டுதல் – உடன் பயிலும் மாணவியர் நலன் கருதித் தகவல் தெரிவித்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியை அம்மா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் பள்ளியில் 9ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் பயிலும் என் மகள் சு. அபிநயா, கடந்த 24.11.2025 திங்கட்கிழமை மாலை பள்ளியிலிருந்து வீடு திரும்பியபோது மிகுந்த உடற்சோர்வுடனும் காய்ச்சலுடனும் காணப்பட்டாள். இரவு உடை மாற்றும்போது அவளுடைய மார்பிலும் முதுகிலும் நீர் கோத்த சிறு கொப்புளங்கள் இருப்பதைக் கண்டேன். மறுநாள் காலை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று காட்டியதில், இது சின்னம்மை என்று மருத்துவர் உறுதிப்படுத்தி, கொப்புளங்கள் அனைத்தும் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை அவளைப் பள்ளிக்கு அனுப்பக் கூடாது என்று அறிவுறுத்தியுள்ளார். அவர் வழங்கிய மருத்துவச் சான்றிதழை இத்துடன் இணைத்துள்ளேன்.

எனவே, 25.11.2025 செவ்வாய்க்கிழமை முதல் 05.12.2025 வெள்ளிக்கிழமை வரை அவளுக்கு மருத்துவ விடுப்பு வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். சனி, ஞாயிறு ஆகிய நாள்களும், கோட்டாறு புனித சவேரியார் திருவிழாவுக்கான டிசம்பர் 3ஆம் நாள் உள்ளூர் விடுமுறையும் நீங்கலாக, இக்காலத்தில் எட்டு வேலைநாள்கள் வருகின்றன. 25ஆம் நாள் காலையில் மருத்துவமனையில் காத்திருக்க நேர்ந்ததால், வகுப்பாசிரியை அவர்களிடம் கைப்பேசியில் மட்டுமே தகவல் கூற முடிந்தது. எழுத்து வழியான விண்ணப்பம் ஒருநாள் தாமதமாக வந்தமைக்குப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

விடுப்புக் கேட்பதோடு என் கடமை முடிந்துவிட்டதாக நான் எண்ணவில்லை. சின்னம்மை காற்றின் வழியாகவும், கொப்புளத்து நீர் படுவதாலும் பரவக்கூடியது என்பதையும், கொப்புளம் வெளியே தெரிவதற்கு ஓரிரு நாள்களுக்கு முன்னரே அது பிறருக்குத் தொற்றத் தொடங்கிவிடும் என்பதையும் மருத்துவர் எனக்கு விளக்கினார். அவ்வாறாயின் திங்கட்கிழமை முழுவதும் என் மகள் வகுப்பறையில் அமர்ந்திருந்தபோதே அவளிடமிருந்து மற்றப் பிள்ளைகளுக்கு நோய் சென்றிருக்க வாய்ப்புண்டு. அன்று காலையில் அவளிடம் எவ்வித அறிகுறியும் தென்படவில்லை. தென்பட்டிருந்தால் நிச்சயமாக அனுப்பியிருக்க மாட்டேன். ஆயினும் அவளோடு ஒரே பெஞ்சில் அமர்ந்து, மதிய உணவையும் பகிர்ந்து உண்ணும் தோழியரை நினைக்கும்போது என் மனம் மிகவும் வருந்துகிறது. தொற்றியவர்களுக்கு நோய் வெளிப்படப் பத்து முதல் இருபத்தொரு நாள்கள் வரை ஆகலாம் என்பதால், டிசம்பர் மாதத்தின் நடுப்பகுதி வரையிலும் காய்ச்சல், கொப்புளம் ஆகியவற்றைக் கவனித்து வருமாறு அவ்வகுப்பு மாணவியரின் பெற்றோருக்குத் தாங்கள் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும். என் மகளின் பெயரைக் குறிப்பிட்டாலும் எங்களுக்கு மறுப்பில்லை.

இன்னொன்றையும் தயக்கமின்றித் தெரிவிக்க வேண்டியுள்ளது. இதுவரை சின்னம்மை வராத கர்ப்பிணிப் பெண்களுக்கு இந்நோய் கடுமையான பாதிப்பை உண்டாக்கக்கூடும் என்று மருத்துவர் குறிப்பிட்டார். திங்கட்கிழமை அவ்வகுப்புக்குப் பாடம் எடுத்த ஆசிரியைகளிலோ, சத்துணவு மையத்தில் பணிபுரிவோரிலோ யாரேனும் கருவுற்றிருந்தால், அவர்கள் காலம் தாழ்த்தாமல் தங்கள் மருத்துவரிடம் ஆலோசனை பெறும் வகையில் இச்செய்தியை இன்றே அவர்களுக்குத் தெரிவிக்குமாறு அன்புடன் வேண்டுகிறேன். இவ்விண்ணப்பத்தில் மற்ற எதையும்விட இதையே முதன்மையாகக் கருதுகிறேன்.

தங்கள் பள்ளியிலேயே 6ஆம் வகுப்பில் பயிலும் என் மகன் சு. அகில் தற்போது நலமாக உள்ளான். அவனைப் பள்ளிக்கு அனுப்பலாம் என்று மருத்துவர் கூறியிருப்பினும், அக்காளுடன் ஒரே வீட்டில் வசித்தவன் என்பதால் நாள்தோறும் காலையில் அவனுடைய உடலைச் சோதித்த பின்னரே அனுப்புகிறேன். டிசம்பர் முதல் வாரத்தில் இன்னும் கூடுதல் கவனத்துடன் இருப்பேன். சிறிதளவு காய்ச்சல் கண்டாலும் அவனை வீட்டிலேயே நிறுத்திக்கொண்டு உடனடியாகத் தகவல் தெரிவிப்பேன். இதனை அவனுடைய வகுப்பாசிரியர் அவர்களும் அறிந்திருக்குமாறு செய்ய வேண்டுகிறேன்.

அபிநயாவின் படிப்பைப் பொறுத்தவரை, அரையாண்டுத் தேர்வு நெருங்கும் வேளையில் இத்தனை நாள்கள் வகுப்பைத் தவற விடுவது அவளுக்கு மிகுந்த கவலையை அளிக்கிறது. காய்ச்சலோடு படுத்திருக்கும்போதும், 28ஆம் நாள் நடைபெறவுள்ள கணித அலகுத் தேர்வைப் பற்றியே கேட்டுக்கொண்டிருக்கிறாள். அத்தேர்வை அவள் பள்ளிக்குத் திரும்பிய பின்னர் வேறொரு நாளில் எழுத வாய்ப்பளிக்குமாறும், ஒவ்வொரு நாளும் நடத்தப்படும் பாடங்களையும் வீட்டுப்பாடங்களையும் வகுப்பாசிரியை அவர்கள் கைப்பேசி வழியாகத் தெரிவிக்க இசைவளிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். தோழியரின் குறிப்பேடுகளை எங்கள் வீட்டுக்குக் கொடுத்தனுப்ப வேண்டாம். நோயுற்ற வீட்டுக்குள் வந்த குறிப்பேட்டை மீண்டும் அப்பிள்ளைகளிடம் திருப்பித் தர எனக்கு மனம் ஒப்பவில்லை. படம் எடுத்து அனுப்பினால் போதுமானது.

வீட்டில் என் மாமியார் வாசலில் வேப்பிலை செருகி, வழக்கமான முறையில் அவளைப் பேணி வருகிறார். எங்கள் குடும்ப வழக்கப்படி, ஒற்றைப்படை நாளில் தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் நோய் நீங்கியதாகக் கொள்வர். அவ்வழக்கத்தை மதித்து நிறைவேற்றுவோம். ஆனால் அதையே பள்ளிக்கு அனுப்புவதற்கான அளவுகோலாகக் கொள்ள மாட்டோம் என்று தங்களுக்கு உறுதியளிக்கிறேன். மருத்துவர் மீண்டும் பார்த்து, எல்லாக் கொப்புளங்களும் காய்ந்துவிட்டன என்று சான்றளித்த பின்னரே, 08.12.2025 திங்கட்கிழமை அவளை நானே பள்ளிக்கு அழைத்து வருவேன். அதற்குள் முழுமையாகக் குணமடையவில்லை எனில், விடுப்பை நீட்டிக்க வேண்டி முன்கூட்டியே தனி விண்ணப்பம் அளிப்பேன்.

அவளை விட்டு நான் வெளியே வர இயலாத நிலையில் இருப்பதால், இவ்விண்ணப்பத்தை என் கணவர் நேரில் கொண்டு வருகிறார். அவர் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டும் பணியை முடித்துவிட்டு வருவதால் பள்ளி தொடங்கிய பிறகே வந்து சேர இயலும். சிறுவயதிலேயே அவருக்குச் சின்னம்மை வந்து குணமாகியுள்ளது. எனினும் வகுப்பறைப் பகுதிக்குச் செல்லாமல், அலுவலகத்தில் மட்டும் இதனை ஒப்படைக்குமாறு அவரிடம் கூறியுள்ளேன். மேலும் விவரம் தேவைப்படின், பள்ளிப் பதிவேட்டில் உள்ள என் கைப்பேசி எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம்.

மேற்கண்ட காரணங்களைக் கனிவுடன் பரிசீலித்து, என் மகளுக்கு மருத்துவ விடுப்பு அளித்து, வருகைப் பதிவேட்டிலும் அவ்வாறே பதிவு செய்து உதவுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சு. அம்பிகா

இடம்: செருப்பாலூர்

இணைப்பு: மருத்துவச் சான்றிதழ் – 1