மல்லிகைப் பெட்டி: மின்னல் உரைக்கான கேள்விகள்

தாவரவியல் மாணவர் கருத்தரங்கு, மதுரை. உரை 3 நிமிடம், கேள்வி 2 நிமிடம். கேள்வி கேட்கும் மூவருக்கான தாள்.

உரையின் ஒரே கூற்று: "தெர்மகோல் பெட்டியில் ஐஸுக்கும் மல்லி மொட்டுக்கும் நடுவே பிழிந்த பருத்தித் துணியை ஒரு மடிப்பு வைத்தால், ஐஸ் மேல் நேராக வைத்ததைவிடப் பூ கூடுதல் நேரம் கெடாமல் இருக்கும்."

மதுரை மல்லிக்கு 2013-இல் கிடைத்த புவிசார் குறியீடு, மாட்டுத்தாவணி பூச்சந்தை விலை இரண்டும் ஸ்லைடில் வரும். அவற்றைத் தொட வேண்டாம், நேரம் போய்விடும்.

முதல் கேள்வி, இதைக் கட்டாயம் கேட்க வேண்டும்:

"கெடாமல்னு நீங்க சொல்றது மொட்டு விரியாம இருக்கிறதையா, இதழ் பழுப்பேறாம இருக்கிறதையா?"

இரண்டும் எதிரெதிராகப் போகலாம். ஐஸில் பட்ட இதழ் பழுப்பேறும், ஆனால் குளிர் அதிகம் என்பதால் விரிவது தள்ளிப்போகும். துணி வைத்தால் பழுப்பு குறையும், குளிரும் குறையும். "ரெண்டும்தான்" என்று பதில் வந்தால் விடாமல் கேளுங்கள்: "தனித்தனியா எண்ணினீங்களா? ரெண்டுல ஒண்ணு மட்டும் சரியா வந்திருந்தா கூற்றை எப்படி மாத்துவீங்க?"

இரண்டாவது:

"ஒவ்வொரு முறைக்கும் எத்தனை பெட்டி வச்சீங்க?"

மொட்டு எத்தனை என்பது இதற்குப் பதில் ஆகாது. ஒரே பெட்டியில் 200 மொட்டு இருந்தாலும் அவை எல்லாம் ஒரே குளிரில், ஒரே ஈரத்தில் கிடந்தவை. சோதனைக்கு அது ஒன்றுதான். மூடி சரியாக ஒட்டாத ஒரு பெட்டியே முடிவைப் புரட்டிவிடும். பெரும்பாலான மாணவர் ஆய்வுகள் சறுக்குவது இங்கேதான். முறைக்கு ஒரு பெட்டிதான் என்றால் கடிந்துகொள்ள வேண்டாம். "அப்போ இந்தக் கூற்றை எவ்வளவு உறுதியாச் சொல்லலாம்?" என்று மட்டும் கேளுங்கள்.

நேரம் இருந்தால் இவற்றில் ஒன்று:

"ரெண்டு பெட்டியிலும் ஐஸை எடை போட்டீங்களா? வித்தியாசம் துணியால வந்ததுன்னு எப்படிச் சொல்றீங்க?"

"தெர்மாமீட்டர் மூடிக்குக் கீழயா, பூக்குவியலுக்கு நடுவுலயா?" (பறித்த பூவும் சுவாசிக்கிறது; குவியலின் நடுவில் சூடு சேரும். மூடியருகே எடுத்த அளவு அதைக் காட்டாது.)

"பழுப்பை எண்ணினவருக்கு எது எந்தப் பெட்டின்னு தெரியுமா?"

"எல்லா மொட்டும் ஒரே தோட்டத்துல, ஒரே காலையில பறிச்சதா?" முற்றின மொட்டு அன்று மாலையே விரியும், பிஞ்சு மொட்டு விரியாமலே நிற்கும். ஒரு பெட்டியில் பிஞ்சு அதிகமாக விழுந்திருந்தால் துணிக்குக் கிடைக்கும் பெயர் பிஞ்சுக்குச் சேர வேண்டியது.

முன்னுரை வைத்துக் கேட்க வேண்டாம். ஒரு கேள்விக்கு ஒரே வாக்கியம், 15 விநாடி. "அருமையான உரை" என்று தொடங்கினால் அதிலேயே 5 விநாடி போகும். மணி அடித்த பிறகு கேட்க ஒன்றே ஒன்று:

"எந்த முடிவு வந்திருந்தா இந்தக் கூற்றைக் கைவிட்டிருப்பீங்க?"