பொருள்: மெடிக்கல் முடிவு கனடா குடிவரவுத் துறைக்குப் போகும் தேதி – செப்டம்பர் 4, வியாழன்

சயான் கோலிவாடா, மும்பை
2.9.2025

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். சனிக்கிழமை நீங்கள் எழுதிய மெயில் கிடைத்தது. "மெடிக்கல் ரிப்போர்ட்டைக் கெதியாக அனுப்பவும், 10ஆம் தேதிக்குள் வராவிட்டால் வேறு ஆளைப் பார்க்க வேண்டி வரும்" என்று எழுதியிருந்தீர்கள். உடனே பதில் போடாததற்கு மன்னிக்க வேண்டும். கிளினிக்கிலிருந்து உறுதியான தேதி வராமல் எதையாவது எழுதி, பிறகு அதை மாற்றி எழுத மனம் வரவில்லை. நேற்று மாலைதான் தேதி சொன்னார்கள்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பரிசோதனை ஆகஸ்ட் 25 திங்கட்கிழமை முடிந்துவிட்டது. ஒரே ஒரு சோதனையை மட்டும் 30ஆம் தேதி திரும்பச் செய்தார்கள், அதுவும் சரியாக வந்துவிட்டது. நாளை மறுநாள், செப்டம்பர் 4 வியாழக்கிழமை, டாக்டர் முடிவை கனடா குடிவரவுத் துறைக்கு ஆன்லைனில் அனுப்புகிறார். மறுநாள் வெள்ளிக்கிழமை நான் வொர்க் பெர்மிட் விண்ணப்பத்தைப் போட்டுவிடுவேன். நீங்கள் சொன்ன 10ஆம் தேதிக்கு ஐந்து நாள் முன்பே வேலை முடிந்துவிடும்.

ஆனால் நீங்கள் கேட்ட ரிப்போர்ட்டை என்னால் அனுப்ப முடியாது ஐயா. ஒளிப்பதற்காகச் சொல்லவில்லை. அது என் கையிலேயே இல்லை. கனடாவுக்கான மெடிக்கலை அவர்கள் பட்டியலில் உள்ள டாக்டர்கள் மட்டும்தான் செய்யலாம். அந்த டாக்டர் எக்ஸ்ரே, ரத்தம், சிறுநீர் எல்லாவற்றின் முடிவையும் இ-மெடிக்கல் என்ற அரசு கணினி முறையில் ஏற்றி நேராக உங்கள் நாட்டுக்கு அனுப்பிவிடுவார். தேர்ச்சியா இல்லையா என்று சொல்வதும் டாக்டர் இல்லை, அங்குள்ள அதிகாரிகள்தான். வளைகுடாவுக்குப் போகும் எங்கள் பையன்கள் "ஃபிட்", "அன்ஃபிட்" என்று சொல்லிக்கொண்டு திரிவார்கள் இல்லையா, அந்த மாதிரி ஒரு சான்றிதழ் இதில் கிடையாது. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன். ரிசப்ஷனில் இருந்த பெண் மராத்தியில் இரண்டு முறை விளக்கிய பிறகுதான் எனக்கே புரிந்தது.

என் கையில் கொடுத்தது ஒரே ஒரு தாள். என் புகைப்படம், பாஸ்போர்ட் எண், பரிசோதனைக்கான எண், பார்த்த தேதி இவைதான் அதில் இருக்கும். முடிவு எதுவும் இருக்காது. பரிசோதனை செய்துகொண்டேன் என்பதற்கு விண்ணப்பத்தோடு சேர்க்க வேண்டிய அத்தாட்சி அதுதான். அதை ஸ்கேன் செய்து `selvakumar_medical_sheet.pdf` என்ற பெயரில் இத்துடன் வைத்திருக்கிறேன். உங்கள் கன்சல்டன்ட் அம்மாவின் பட்டியலில் "மெடிக்கல் ரிப்போர்ட்" என்று இருக்கும் இடத்தில் இந்தத் தாளை ஏற்றுக்கொள்வாரா என்று கேட்டுச் சொல்லுங்கள். அவர் இந்தத் தொழிலிலேயே இருப்பவர், தாளைப் பார்த்ததும் தெரிந்துகொள்வார் என்றுதான் நினைக்கிறேன்.

இனி, ஜூலையிலேயே முடித்துத் தருகிறேன் என்று சொன்னவன் ஏன் செப்டம்பர் வரை இழுத்தேன் என்பதற்குக் கணக்கு சொல்ல வேண்டும். ஜூலை முழுவதும் போனது என் தவறு. பாஸ்போர்ட்டில் இரண்டு பக்கம்தான் மிச்சம் இருந்தது, புதுப்பித்துவிட்டுப் போகலாம் என்று காத்திருந்தேன். அது கைக்கு வந்ததும் கிளினிக்கில் கிடைத்த முதல் நேரம் ஆகஸ்ட் 19 செவ்வாய் காலை 9 மணி. அன்றைக்குத்தான் மும்பை மூழ்கியது. உங்கள் ஊர்ச் செய்தியிலும் காட்டியிருப்பார்கள். பள்ளிக்கூடம், அரசு ஆபீஸ் எல்லாம் மூடிவிட்டார்கள். தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி லோக்கல் நின்றுபோனது. சயான் ஸ்டேஷன் பக்கம் சாதாரண மழைக்கே தண்ணீர் நிற்கும், அன்றைக்குக் கேட்கவே வேண்டாம். முழங்கால் தண்ணீரில் ஸ்டேஷன் வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். கிளினிக்கையும் பாதி ஆள் வராமல் மூடிவிட்டதாகப் போனில் சொன்னார்கள். அடுத்த நேரம் 25ஆம் தேதிக்குத்தான் கிடைத்தது.

25ஆம் தேதி தாதரில் மாறி வெஸ்டர்ன் லைன் பிடித்து எட்டரைக்கே போய்விட்டேன். உயரம், எடை, கண், ரத்த அழுத்தம், மார்பு எக்ஸ்ரே, ரத்தம், சிறுநீர் என்று மூன்று மணி நேரம் ஆனது. இரண்டு நாள் கழித்து, விநாயகர் சதுர்த்தி அன்று, போன் வந்தது. சிறுநீரில் புரதம் கொஞ்சம் தெரிகிறது, இன்னொரு தடவை வந்து கொடுங்கள் என்றார்கள். பண்டிகைக்கு லேப் மூடியிருந்தது. அதற்குப் பிறகு அவர்கள் கொடுத்த நாள் 30 சனிக்கிழமை.

எனக்குச் சர்க்கரை வியாதி இல்லை. சிறுநீரகம் பற்றிய ரத்தச் சோதனையும் ஒழுங்காகத்தான் இருந்தது. டாக்டரிடம் என்ன வேலை செய்கிறேன் என்று சொன்னதும் சிரித்தார். சதுர்த்திக்கு முந்தைய வாரம் மாட்டுங்காவில் எங்கள் கடை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீங்களும் அடுப்படியிலிருந்து வந்தவர். ஆயிரக்கணக்கில் மோதகம், அதே அடுப்பில் நம் ஆட்களுக்குக் கொழுக்கட்டை. மூன்று இரவு சரியாகத் தூங்கவில்லை, தண்ணீர் குடிக்கக்கூட நினைவில்லாமல் நீராவிக்கு முன்னால் நின்றிருந்தேன். உடம்பு வறண்டு, கடுமையாக உழைத்திருந்தால் இப்படித் தற்காலிகமாகத் தெரிவதுண்டு, ஒரு நாள் ஓய்வெடுத்துத் தண்ணீர் குடித்துவிட்டு வா என்றார். வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். சனிக்கிழமை கொடுத்த சோதனையில் எதுவும் இல்லை. மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் முதல் முடிவும் இரண்டாவது முடிவும் இரண்டுமே டாக்டர் அனுப்பும் கோப்பில் இருக்கும். பின்னால் யாராவது கேட்டால் உங்களுக்கு இது புதிதாக இருக்கக் கூடாது.

இன்னொன்று. உங்கள் மெயிலைப் பார்த்துவிட்டு இங்கே தாராவியில் எனக்குத் தெரிந்த ஒரு ஏஜென்ட், ஏதாவது லேபில் ஒரு ஃபிட்னஸ் சர்டிபிகேட் வாங்கி இப்போதைக்கு முதலாளிக்கு அனுப்பிவிடு, ரெண்டாயிரம் ரூபாய்தான் ஆகும் என்றார். நான் வேண்டாம் என்றுவிட்டேன். பட்டியலில் இல்லாத டாக்டரின் தாளுக்கு உங்கள் ஊரில் மதிப்பில்லை. அதைப் பார்த்து நீங்கள் நம்பி உட்கார்ந்திருந்தால், பிறகு உங்களுக்கும் எனக்கும் சங்கடம்.

விண்ணப்பத்துக்கு மற்றதெல்லாம் தயார். `IMM 1295` படிவம் நிரப்பியாகிவிட்டது. வெளிநாட்டு ஆளை வேலைக்கு எடுக்க உங்களுக்குக் கிடைத்த எல்.எம்.ஐ.ஏ கடிதத்தில் டிசம்பர் 11 வரை என்று இருக்கிறது. அதற்குள் விண்ணப்பம் போட்டிருக்க வேண்டும். நாம் மூன்று மாதம் முன்பே போடுகிறோம். மெடிக்கல் பரிசோதனை செய்த நாளிலிருந்து 12 மாதம் செல்லும், ஆகவே மறுபடி செய்ய வேண்டி வராது என்று நம்புகிறேன். அவர்கள் மேற்கொண்டு ஏதாவது சோதனை கேட்டால் எனக்குத்தான் எழுதுவார்கள். வந்த அன்றே உங்களுக்கு அனுப்புகிறேன். எல்லாம் சரியாக இருந்தால் அதற்கென்று தனியாக "பாஸ்" என்று கடிதம் வராதாம். அதனால் வியாழனுக்குப் பிறகு என்னிடமிருந்து மெடிக்கல் பற்றி ஒன்றும் வரவில்லை என்றால் கவலைப்பட வேண்டாம்.

உங்களிடம் ஒரு உதவி வேண்டும், அதுவும் வியாழனுக்குள். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயர் இடத்தில் இருப்பதால், மெடிக்கல் தாளிலும் எல்.எம்.ஐ.ஏ கடிதத்திலும் "முருகேசன்" என்று முதலில் வந்து, பிறகுதான் "செல்வகுமார்" வரும். வேறு ஆளின் தாளை அனுப்பிவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஆனால் நீங்கள் கையெழுத்திட்டு அனுப்பிய வேலை ஒப்பந்தத்தில் மட்டும் "செல்வகுமார் எம்" என்று இருக்கிறது. மூன்று தாளிலும் ஒரே மாதிரி இருந்தால்தான் நல்லது. பாஸ்போர்ட் முதல் பக்கத்தின் நகலையும் சேர்த்திருக்கிறேன். அதில் உள்ளபடியே பெயரைத் திருத்தி, பழைய பாஸ்போர்ட் எண்ணுக்குப் பதில் புது எண்ணைப் போட்டு, கையெழுத்திட்டு ஸ்கேன் அனுப்பினால் போதும். இது வராமல் நான் வெள்ளிக்கிழமை விண்ணப்பம் போட மாட்டேன். ஒரு எழுத்துக்காகத் திருப்பி அனுப்பினால் மறுபடி முதலிலிருந்து.

அப்புறம், இணைப்பில் பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் எல்லாம் இருக்கின்றன. தயவுசெய்து கடையின் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம், கன்சல்டன்ட் அம்மாவுக்கு மட்டும் அனுப்புங்கள்.

மெடிக்கல் கட்டணம் நானே கட்டிவிட்டேன், ரசீது இருக்கிறது. கொடுத்துவிடுகிறேன் என்று முன்பு சொல்லியிருந்தீர்கள். அது அங்கே வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம், இப்போது அவசரமில்லை.

வியாழன் அன்று டாக்டர் அனுப்பிவிட்டதாகக் கிளினிக்கில் சொன்னதும் ஒரு வரி மெயில் போடுகிறேன். பேச வேண்டும் என்றால் இங்கே இரவு 8 மணிக்குக் கடையிலிருந்து வெளியே வந்துவிடுவேன், உங்களுக்கு அப்போது காலை பத்தரை. அதற்கு முன் போன் அடுப்படியில் கேட்காது.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
மு. செல்வகுமார்

இணைப்பு: மெடிக்கல் தாள், பாஸ்போர்ட் முதல் பக்கம்