பாலிக் புலாவில் இருக்கும் அக்காவுக்கு

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

வணக்கம். தைப்பூசம் முடிந்த வாரத்தில் தொலைபேசியில் பேசியதற்குப் பிறகு உங்களிடமிருந்தும் தகவல் இல்லை, இங்கிருந்தும் இல்லை. சரக்கையும் பணத்தையும் பற்றி வாட்ஸ்அப்பில் மலாயிலும் ஆங்கிலத்திலும் இரண்டு வரி எழுதியே பழகிவிட்டோம். இது இரண்டு வரியில் அடங்காது என்பதால், உங்களுக்குத் தமிழிலேயே கடிதமாக எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. கடைசியாக வந்த ஜாதிக்காய் ஊறுகாய்க்கும் சர்பத்துக்கும் சேர வேண்டிய 1,840 ரிங்கிட்டை இன்று காலை உங்கள் வங்கிக் கணக்கில் செலுத்திவிட்டேன். நாம் மேற்கொண்டு சேர்ந்து தொழில் செய்தாலும் செய்யாவிட்டாலும் அது உங்கள் பணம்.

அடுத்தது விலை. நீங்கள் கேட்ட உயர்வை அன்று என்னால் ஏற்க முடியாமல் போனதற்குக் காரணம் பிரிக்பீல்ட்ஸ் கடை வாடகை. அது இன்றும் குறையவில்லை. ஆனால் விதை போட்டு வளர்த்த ஜாதிமரம் காய்க்கவே ஏழெட்டு ஆண்டுகள் ஆகின்றன என்பதும், அப்போதுதான் ஆண் மரம் எது, பெண் மரம் எது என்று தெரிந்து, காய்க்காதவற்றில் பெரும்பகுதியை வெட்ட வேண்டியிருக்கிறது என்பதும் உங்கள் தோட்டத்தில் நின்று நான் கேட்டறிந்தவை. தோலைச் சீவி, உப்பில் போட்டு, பினாங்கு மழைக்கு நடுவே வெயில் பார்த்துக் காயவைக்கும் வேலையில் கறைபடிந்து கறுத்துப்போன உங்கள் விரல்நுனிகளையும் பார்த்திருக்கிறேன். அந்த உழைப்புக்குரிய விலை கிடைக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆகவே, பாட்டிலுக்கு நீங்கள் கேட்ட 2 ரிங்கிட் உயர்வில் 1 ரிங்கிட் 50 சென் தொகையை இந்தத் தீபாவளிச் சரக்கிலிருந்தே தருகிறேன். மீதி 50 சென் தொகையைப் பொங்கலுக்குப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். ஆர்டர் கொடுக்கும்போதே பாதித் தொகை முன்பணமாக வந்துவிடும். என் தரப்பில் ஒரே வேண்டுகோள், ஒவ்வொரு பாட்டிலிலும் தயாரித்த தேதி ஒட்டப்பட்டிருக்க வேண்டும். வாடிக்கையாளர்கள் இப்போது அதைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள்.

உங்கள் சரக்கு இருந்த தட்டில் வேறொருவருடைய சரக்கை வைக்க எனக்கு மனம் வரவில்லை. செந்தூலிலிருந்து மாதம் தவறாமல் வரும் பாட்டியம்மா ஒருவர், "அந்தப் பினாங்கு ஊறுகாய் எப்போது வரும்?" என்று கேட்டுவிட்டு, வேறெதையும் தொடாமல் போகிறார். வியாபாரம் ஒருபுறம் இருக்கட்டும், தொலைபேசியில் உங்கள் குரலைக் கேட்காத இந்த மாதங்கள் எனக்கு வருத்தமாகவே இருந்தன. உங்கள் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது?

தீபாவளிக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரயிலில் பட்டர்வொர்த் வந்து, ஃபெர்ரி ஏறி, தோட்டத்துக்கு வந்து உங்களை நேரில் பார்க்க விரும்புகிறேன். எந்த ஞாயிறு உங்களுக்கு ஒத்துவரும் என்று தெரிவியுங்கள். தொழிலைத் தொடர விருப்பமில்லை என்றாலும் தயங்காமல் சொல்லுங்கள். நான் வற்புறுத்த மாட்டேன், பார்க்க மட்டும் வருவேன்.

அன்புடன்,
தங்கை மாலதி
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்