அடையாளமின்றி விடப்பட்ட சாலைப் பள்ளத்தால் வாகனம் சேதமடைந்தது: பள்ளத்தைச் சீரமைக்கவும் இழப்பீடு வழங்கவும் கோரி விண்ணப்பம்

நாள்: 25.11.2024

அனுப்புநர்
இரா. சண்முகவடிவேல்,
கீழத் தெரு, வேலாங்குளம் கிராமம்.

பெறுநர்
கோட்டப் பொறியாளர் அவர்கள்,
நெடுஞ்சாலைத் துறை.

மதிப்பிற்குரிய ஐயா,

நான் மேற்கண்ட முகவரியில் குடியிருந்து, சொந்தமாகச் சிறிய சரக்கு வண்டி ஒன்றை வைத்து, எங்கள் ஊர் விவசாயிகளின் காய்கறிகளை உழவர் சந்தைக்கு ஏற்றிச் செல்லும் தொழில் செய்துவருகிறேன். கடந்த 12.11.2024 செவ்வாய்க்கிழமை அதிகாலை சுமார் 4.20 மணிக்கு, வேலாங்குளம் – மேலச்சத்திரம் சாலையில் 14-வது கிலோமீட்டர் கல்லைத் தாண்டி டீக்கடைக்கு எதிரே சென்றபோது, சாலையின் குறுக்கே தண்ணீர் நிரம்பிக் கிடந்த பள்ளத்தில் வண்டியின் முன்பக்க இடது சக்கரம் இறங்கிவிட்டது. முந்தைய இரவு பெய்த மழையில் சாலை முழுவதும் ஒரே நிறமாக நனைந்திருந்ததால், பத்தடி தூரத்திலிருந்து பார்த்தாலும் அது பள்ளமென்று தெரிந்திருக்காது. எச்சரிக்கைப் பலகையோ, தடுப்போ, ஒளிரும் பட்டையோ அங்கு இல்லை. அருகில் தெருவிளக்கும் இல்லை.

இது மழையால் தானாக ஏற்பட்ட குழி அன்று. அக்டோபர் முதல் வாரத்தில் குடிநீர்க் குழாய் பதிப்பதற்காக அவ்விடத்தில் சாலை வெட்டப்பட்டு, பின்னர் மண்ணை மட்டும் தள்ளி மூடிவிட்டுச் சென்றனர். ஜல்லியோ தாரோ இடப்படவில்லை. பருவமழையில் அந்த மண் கரைந்தோடிவிட்டது. விடிந்த பிறகு கொத்தனார் ஒருவரின் டேப்பை வாங்கி அளந்தபோது, பள்ளம் 4 அடி 2 அங்குல நீளமும், நடுவில் 11 அங்குல ஆழமும் இருந்தது. அளவு தெரியும்படி எடுத்த புகைப்படங்களை இணைத்துள்ளேன். அன்று காலை டீக்கடைக்காரர் தமது உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியில் சிவப்புத் துணியைக் கட்டி அப்பள்ளத்தில் நிறுத்தினார். இவ்விண்ணப்பம் எழுதும் இன்றுவரை அங்கிருக்கும் ஒரே எச்சரிக்கை அதுதான்.

சாலையை வெட்டியது குடிநீர்ப் பணியின் ஒப்பந்ததாரர் என்றும், அவரையே அணுக வேண்டும் என்றும் எனக்குப் பதில் வரக்கூடும். தங்கள் துறையின் முன் அனுமதியும் சீரமைப்புக் கட்டணமும் இல்லாமல் சாலையை வெட்ட முடியாது என்பது தாங்கள் அறிந்ததே. அனுமதி தரப்பட்டிருந்தால், சாலை முறையாகச் சீரமைக்கப்பட்டதா என்று பார்க்கும் கடமை துறைக்கு உண்டு. தரப்படவில்லை என்றால், ஐந்து வாரங்களுக்கு மேல் அது எவர் கண்ணிலும் படாமல் போனது எப்படி என்று கேட்க வேண்டியிருக்கிறது. பணி நடக்கும் இடங்களில் பலகையும் தடுப்பும் வைப்பது குறித்து இந்திய சாலைக் காங்கிரசின் எஸ்.பி. 55 வழிகாட்டி விரிவாகவே கூறுகிறது. சாலைப் பராமரிப்புக் குறைபாட்டால் மரணமோ உடல் ஊனமோ நேர்ந்தால் பொறுப்பானவர்களுக்கு அபராதம் விதிக்க, 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு வகைசெய்கிறது. என் நல்வாய்ப்பாக அப்பிரிவைத் துணைக்கழைக்க வேண்டிய நிலை எனக்கு ஏற்படவில்லை.

வண்டியின் டயர் வெடித்து, ரிம் வளைந்து, லோயர் ஆர்மும் ஷாக் அப்சார்பரும் உடைந்ததோடு, ஆயில் சேம்பர் தரையில் மோதி விரிசல் விட்டதால் எஞ்சின் ஆயில் முழுவதும் சாலையிலேயே கொட்டிவிட்டது. டயருக்கு ரூ.4,650, ரிம்முக்கு ரூ.2,900, லோயர் ஆர்ம் மற்றும் ஷாக் அப்சார்பருக்கு ரூ.6,480, ஆயில் சேம்பர் மற்றும் ஆயிலுக்கு ரூ.5,750, மெக்கானிக் கூலி ரூ.4,200, வண்டியைக் கட்டி இழுத்து வந்த செலவு ரூ.3,500 என மொத்தம் ரூ.27,480 செலவாகியுள்ளது. மேலும், 13-ஆம் தேதி முதல் 18-ஆம் தேதி வரை ஆறு நாட்கள் வண்டி பட்டறையில் நின்றதால், சந்தைக்கு ஏற்றுவதாக ஒப்புக்கொண்ட சரக்குக்காக நாளொன்றுக்கு ரூ.1,800 வாடகையில் வேறு வண்டி அமர்த்த வேண்டியிருந்தது, அவ்வகையில் ரூ.10,800. எனது வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே உள்ளதால், இச்செலவில் ஒரு ரூபாயைக்கூடக் காப்பீட்டில் பெற இயலாது. அன்று அழுகிப்போன தக்காளிக்கு ரசீது ஏதும் இல்லாததால் அதனை இக்கணக்கில் சேர்க்கவில்லை.

எனவே, முதலாவதாக, அப்பள்ளத்தில் இன்றே தடுப்பும் ஒளிரும் பட்டையும் வைத்து, ஏழு நாட்களுக்குள் ஜல்லியும் தாரும் இட்டு நிரந்தரமாகச் சீரமைக்குமாறும், அடுத்ததாக, எனக்கு ஏற்பட்ட இழப்பான ரூ.38,280-ஐ முப்பது நாட்களுக்குள் வழங்குமாறும் வேண்டுகிறேன். இத்தொகையைத் துறையே தருவதா, ஒப்பந்ததாரரிடமிருந்து பெற்றுத் தருவதா என்பது தங்கள் முடிவுக்கு உரியது. கள ஆய்வுக்குத் தங்கள் உதவிப் பொறியாளர் வருவாராயின், கழற்றிய உதிரிபாகங்களைக் காட்ட நான் அணியமாக உள்ளேன். அவை பட்டறையிலேயே பத்திரமாக வைக்கப்பட்டுள்ளன. உரிய காலத்துக்குள் பதில் கிடைக்காவிடில், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80-ஆம் பிரிவின்படி இரண்டு மாத முன்னறிவிப்பு அளித்து நீதிமன்றத்தை நாட வேண்டிவரும் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இரா. சண்முகவடிவேல்

இணைப்புகள்: பள்ளத்தின் புகைப்படங்கள், காவல் நிலையத்தில் பெற்ற மனு ஏற்பு ரசீது, உதிரிபாகம் மற்றும் பட்டறை ரசீதுகள், வாடகை வண்டி ரசீதுகள், பதிவுச் சான்று, ஓட்டுநர் உரிமம், காப்பீட்டுச் சான்று ஆகியவற்றின் நகல்கள்.