ரூட்டருக்கான 12 வோல்ட் மினி யுபிஎஸ்: வாங்கும் முன் எழும் கேள்விகள்

இந்த யுபிஎஸ் பற்றித் தொலைபேசியிலும் வாட்ஸப்பிலும் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் தந்திருக்கிறோம். நேரமில்லை என்றால் முதல் பதிலை மட்டுமாவது முழுமையாகப் படித்துவிட்டு ஆர்டர் செய்யுங்கள். எங்களுக்குத் திரும்பி வருபவற்றில் பெரும்பாலானவை பழுதானவை அல்ல, ரூட்டருக்குப் பொருந்தாதவை.

என் ரூட்டருக்கு இது பொருந்துமா?

ரூட்டரின் பெயரைவிட, அதற்கு மின்சாரம் தரும் அடாப்டரே இதற்கு விடை சொல்லும். அடாப்டரைச் சுவரிலிருந்து கழற்றி, அதன் மேல் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். இன்புட் என்ற வரியில் 100-240 வோல்ட் என்று இருக்கும். அது வீட்டு மின்சாரத்தைக் குறிப்பதால் அதை விட்டுவிடலாம். அதற்குக் கீழே அவுட்புட் என்ற வரியில் 12 வோல்ட் என்றும், 2 ஆம்பியர் அல்லது அதற்குக் குறைவாகவும் இருந்தால் பொருந்தும். ரூட்டர் தனக்குத் தேவையான அளவு மின்னோட்டத்தை மட்டுமே எடுத்துக்கொள்ளும் என்பதால், 0.5 அல்லது 1 ஆம்பியர் அடாப்டர் உள்ள ரூட்டருக்கும் இதனால் கெடுதல் இல்லை.

வோல்ட் அப்படியல்ல. உங்கள் அடாப்டரில் 5 அல்லது 9 வோல்ட் என்று இருந்தால், பின் சரியாக நுழைந்தாலும் இதை இணைக்காதீர்கள், ரூட்டர் எரிந்துபோகக்கூடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அடாப்டரில் ஒரு புள்ளியும் அதைச் சுற்றி ஒரு வளைவும் கொண்ட சிறு படம் இருக்கும். நடுப்புள்ளியோடு சேரும் கோட்டின் முனையில் கூட்டல் குறி இருக்க வேண்டும்; கழித்தல் குறி இருந்தால் இந்த யுபிஎஸ் உங்களுக்கு ஆகாது. பின்னின் வெளிவிட்டம் 5.5 மில்லிமீட்டர், உள்விட்டம் 2.1, 2.5 ஆகிய இரண்டு அளவுகளுக்கும் பெட்டியிலேயே கேபிள் இருக்கிறது.

சந்தேகம் தீரவில்லை என்றால் அந்த எழுத்துகள் தெளிவாகத் தெரியும்படி அடாப்டரைப் படம் எடுத்து அனுப்புங்கள். ரூட்டரின் படம் வேண்டாம்.

ஃபைபர் பெட்டியும் ரூட்டரும் தனித்தனியாக இருந்தால்?

இரண்டும் 12 வோல்ட் என்றால், உடன் வரும் இரட்டைக் கேபிள் மூலம் ஒன்றாக இணைக்கலாம். இரண்டு அடாப்டர்களின் ஆம்பியரையும் கூட்டினால் 2-ஐத் தாண்டக் கூடாது.

எத்தனை மணி நேரம் தாங்கும்?

உள்ளே 2,200 மில்லி ஆம்பியர் மணி கொண்ட நான்கு லித்தியம் அயன் செல்கள் உள்ளன. பெட்டியின் மேல் 8,800 என்று பெரிதாகப் போட்டிருந்தாலும், அது செல்லின் 3.7 வோல்ட்டில் கணக்கிட்டது. 12 வோல்ட்டில் அது ஏறத்தாழ 2,700 மட்டுமே. மொத்த ஆற்றல் சுமார் 32 வாட் மணி. வோல்ட்டை உயர்த்தும்போது ஏற்படும் இழப்பு போக 27 வரை கையில் கிடைக்கும். ஆகவே 6 வாட் எடுக்கும் சாதாரண ரூட்டர் நான்கு முதல் நாலரை மணி நேரமும், 9 வாட் எடுக்கும் இரட்டை அலைவரிசை ரூட்டர் சுமார் மூன்று மணி நேரமும் ஓடும். செல்களுக்கு வயதாக ஆக இது குறையும். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு நிறுத்திய மின்சாரம் மாலையில்தான் வரும் என்ற நாளில், இதை மட்டும் நம்பி வீட்டிலிருந்து அலுவலக வேலை பார்க்கத் திட்டமிட வேண்டாம்.

மின்சாரம் போகும்போது இணையம் துண்டிக்கப்படுமா?

யுபிஎஸ் ரூட்டருக்கும் அடாப்டருக்கும் நடுவிலேயே இருப்பதால் ரூட்டர் அணைந்து எரியாது. நடந்துகொண்டிருக்கும் வீடியோ அழைப்பும் அறுபடாது. ஆனால் உங்கள் பகுதியின் இணைய நிறுவனக் கருவிகளுக்கும் மின்சாரம் இருக்க வேண்டும். விளக்குகள் எரிந்தும் இணையம் வராவிட்டால், அல்லது ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால், கோளாறு வெளியே இருக்கிறது. யுபிஎஸ்ஸால் அதைச் சரிசெய்ய இயலாது.

வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. இதுவும் தேவையா?

மின்சாரம் போகும் கணத்தில் ரூட்டர் அணைந்து எரிந்தால் மட்டும் வாங்குங்கள். அந்தத் தொல்லை இல்லையென்றால் இது வீண் செலவு.

எப்போதும் இணைப்பிலேயே வைத்திருக்கலாமா?

வைத்திருக்கலாம். செல் நிரம்பியதும் சார்ஜ் ஏறுவது தானாக நின்றுவிடும். காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். டிவிக்குப் பின்னாலோ துணிக்கு அடியிலோ வேண்டாம். புதிதாக வந்ததும் நான்கு மணி நேரம் சார்ஜ் ஏற்றிய பிறகு பயன்படுத்துங்கள்.

உத்தரவாதமும் திரும்பப் பெறுதலும்?

சர்க்யூட்டுக்கு ஓராண்டும் செல்களுக்கு ஆறு மாதமும் உத்தரவாதம் உண்டு; ஜிஎஸ்டி பில் அவசியம். பொருந்தவில்லை என்றால் கையில் கிடைத்த ஏழு நாளுக்குள், எல்லாக் கேபிள்களோடும் திருப்பி அனுப்பலாம். பணம் முழுவதும் திரும்பும், கூரியர் செலவு மட்டும் உங்களுடையது. லித்தியம் செல் இருப்பதால் தரைவழியாக மட்டுமே அனுப்புகிறோம். தமிழ்நாட்டுக்குள் மூன்று நாளும், வட மாநிலங்களுக்கு ஒரு வாரம் வரையும் ஆகும்.