பொங்கலுக்கு வர…

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கெல்லாம் லெட்சுமி பாறையில் ஏறி நின்றுவிடுவாள். தேயிலைத் தோட்டத்து லயத்துக்குள் சிக்னல் கிடையாது, வாசல் இஸ்தோப்பில் நின்றால் ஒரு கோடு வரும், வந்த வேகத்தில் போய்விடும். முனியாண்டி கோயிலுக்கு மேலே இருக்கிற அந்தப் பாறையில் ஏறி, பொகவந்தலாவை டவுன் பக்கமாகத் திரும்பி நின்றால்தான் குவைத்தில் இருக்கிற சாந்தியின் குரல் கேட்கும். அங்கே அப்போது மூன்று மணி. வெள்ளிக்கிழமை அரை மணித்தியாலம் மட்டும்தான் அந்த வீட்டுக்கார மேடம் போனைக் கையில் கொடுப்பார்.

லைன் அடிக்கடி விட்டுப்போவதால் தாயும் மகளும் பேசுகிற முறையையே மாற்றிக்கொண்டார்கள். சாப்பிட்டியா, சுகமா என்று சுற்றி வளைப்பதில்லை. காசு வந்துருச்சு. தம்பிக்குக் காய்ச்சல் விட்டுருச்சு. கால்வலி பரவால்ல. தந்தி மாதிரி. தம்பி என்பது சாந்தியின் மகன், ஏழு வயது, அம்மாயியின் சேலையைப் பிடித்துக்கொண்டு அவனும் ஏறுவான்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பனி இறங்கி, எதிரில் இருக்கிற தேயிலை மலையே தெரியாமல் போயிருந்தது. அன்றைக்கு லெட்சுமியின் கொழுந்து 18 கிலோவுக்கு இரண்டு கிலோ குறைவு, அரைப்பேர்தான் போட்டார்கள், பாதிச் சம்பளம்தான். அதையெல்லாம் மகளிடம் சொல்ல அவளுக்கு விருப்பமில்லை. போன் வந்ததும் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, கேக்குதா? ரெண்டு வருசம் முடியப்போகுதுல்ல… மேடம்கிட்ட பேசுனேன்… பொங்கலுக்கு நான் வர—"

அவ்வளவுதான்.

திரும்ப எடுக்கப் பார்த்தாள். முப்பது வருசம் கொழுந்து பறித்த விரல், நுனியெல்லாம் கறை ஏறி வெடித்துத் தடித்துப்போய் இருக்கிறது, போன் கண்ணாடிக்கு அந்தத் தொடுகை பல நேரம் தெரிவதே இல்லை. சுண்டுவிரலால் தேய்த்தாள், தம்பியின் விரலைப் பிடித்து அமுக்கினாள். போகவில்லை. அரை மணித்தியாலமும் முடிந்தது.

நம் பாஷையில் எல்லாம் கடைசியில்தானே இருக்கிறது. வர்றேன் என்றாலும் வரல என்றாலும் வாய் ஒரே மாதிரித்தான் தொடங்குகிறது. அந்த வாரம் முழுக்க லெட்சுமி மலையில் அந்த ஒரு சொல்லையே மென்றுகொண்டிருந்தாள். சந்தோசமாகச் சொன்னாளா, தயங்கிச் சொன்னாளா? குரல் ஏறியதா, இறங்கியதா? பக்கத்து நிரையில் நின்ற மாரியாயியிடம் அப்படியே சொல்லிக் காட்டினாள். "வர்றேன்னுதான் சொல்லியிருக்கும், இல்லன்னா மொதல்ல அழுதிருக்கும்ல," என்றாள் மாரியாயி. அது சரியென்றுதான் பட்டது. சேவலை விலை பேசி வைத்திருந்தாள், விற்கவில்லை.

தம்பிக்குச் சந்தேகமே இல்லை. மறுநாளே மேல் லயம் பணிய லயம் எல்லாம் போய், "அம்மா பொங்கலுக்கு வருது" என்று சொல்லிவிட்டு வந்தான். அவனைத் தடுக்க லெட்சுமிக்கு மனசு வரவில்லை. எந்தத் தாய்க்குத்தான் வரும்?

அடுத்த வெள்ளிக்கிழமை மழை விட்டு வானம் வெளுத்திருந்தது. தம்பி கீழே விளையாடிக்கொண்டிருந்தான், தனியாக ஏறினாள். மணி அடித்ததும் எடுத்தாள்.

"அம்மா…"

"இரு புள்ள. அந்தக் கடைசி வார்த்தைய மொதல்ல சொல்லிரு. வர்றியா, வரலையா?"

"வரலம்மா."

லெட்சுமி பாறையில் உட்கார்ந்தாள்.

"இன்னும் ஒரு வருசம் இருக்கச் சொல்றாங்க. போகும்போது வாங்குன கடன் பாதிகூட முடியல. இப்ப வந்தா வட்டியத்தான் கட்டிக்கிட்டு இருக்கணும். அம்மா? கேக்குதா?"

கேட்டது. ஒரு சொல்கூட விடவில்லை, பக்கத்துக் காம்பராவிலிருந்து பேசுகிற மாதிரி. மகள் மூச்சு இழுப்பதும், அவளுக்குப் பின்னால் ஏதோ ஒரு மெஷின் ஓடுவதும்கூடக் கேட்டது. இத்தனை வாரம் இப்படி ஒரு லைன் கிடைக்காதா என்று முனியாண்டியைக் கும்பிட்டவளுக்கு இப்போது பேச ஒன்றும் வாயில் வரவில்லை.

"சரி," என்றாள். "சரி புள்ள. ஒடம்ப பாத்துக்க."

அதற்குள் தம்பி மூச்சிரைக்க ஏறி வந்து போனைப் பிடுங்கினான்.

"அம்மா, பல்லு விழுந்துருச்சு! முன்பல்லு!"

"அப்படியா கண்ணு? கூரையில எறிஞ்சிட்டியா?"

"இல்ல. தீப்பெட்டியில போட்டு வச்சிருக்கேன். பொங்கலுக்கு நீ வந்தோன ரெண்டு பேரும் சேந்து எறியலாம்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"லைன் சரியில்லடா கண்ணு, ஒன்னும் கேக்கல. அம்மாயிகிட்ட குடு."

அவன் நீட்டினான். லெட்சுமி ஸ்பீக்கரை அணைக்கச் சொல்லி, காதில் வைத்துக்கொண்டு கோயில் பக்கம் திரும்பினாள். லைன் நன்றாகத்தான் இருந்தது. மகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. அரை மணித்தியாலம் முடிகிறவரை அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.